ஆடுகளத்தை எண்ணுமுன் ஆளை எண்ணுவோம்

(குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளுக்கு முன்னதாக மரக்காணம் பகுதி ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல; கணக்கு ஆசிரியர். கபடியில் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் குறுவட்டப் போட்டி வந்தால் "சார், அட்டவணை மட்டும் நீங்க போட்டுக் குடுங்க" என்று என்னிடம் வந்துவிடுவார்கள். யார் யாரோடு ஆடுவது என்பது ஒரு அட்டவணை. எந்த ஆட்டத்துக்கு யார் விசில் பிடிப்பது என்பது இன்னொரு அட்டவணை. முதலாவதைச் சீட்டுப் போட்டுக் கவனமாகத் தயாரிக்கிறோம். இரண்டாவதை அன்று காலை மைதானத்தில் நின்றுகொண்டு, கண்ணில் பட்டவரைக் கூப்பிட்டு முடித்துவிடுகிறோம். இன்று அந்த இரண்டாவது அட்டவணையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறில் இருந்தே தொடங்குகிறேன். மைதானம் பெரியது, மூன்று கபடிக் களம் போட இடம் இருந்தது. மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து அப்படியே அட்டவணை போட்டேன். பதினொரு மணிக்கு மேல் மாணவியர் ஆட்டம் ஒன்றில், பாடிச் சென்ற பெண் எதிரணியைத் தொட்டாளா இல்லையா என்று ஒரு கேள்வி. நடுவர் இல்லை என்றார். ஒரு புள்ளியில் அந்த அணி தோற்றது. அந்த நடுவருக்கு அது தொடர்ச்சியாக நான்காவது ஆட்டம். அதோடு, அந்த ஆட்டத்தில் வெல்பவர்கள் அடுத்து மோதப் போவது அவருடைய பள்ளி அணியோடு. உப்பளத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டார்: "ஏன் சார், ஜெயிச்சவங்க அடுத்து அந்த சாரு ஸ்கூலோடதானே ஆடப் போறாங்க?"

அந்த ஆசிரியரை எனக்குத் தெரியும், நேர்மையானவர். அவர் களைப்பில் தவறவிட்டிருக்கலாம். அல்லது அவர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தாய்க்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவரை அந்த இடத்தில் நிறுத்தியது என் தாள்தான். அன்று முதல் இந்த அட்டவணையைக் கணக்காகவே போட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கபடி ஆட்டம் எவ்வளவு நேரம், எத்தனை ஆள் கேட்கிறது என்று பார்ப்போம். 15 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள், நடுவே 5 நிமிட இடைவேளை: 35 நிமிடம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பாதியில் 30 விநாடி கொண்ட இரண்டு டைம் அவுட். எல்லாவற்றையும் எடுத்தால் 4 நிமிடம். டாஸ், அணிகள் இறங்குவது, அழிந்த கோட்டைத் திரும்பப் போடுவது எல்லாம் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம் ஒதுக்குகிறேன். இந்த 50 நிமிடத்தை ஒரு "வேளை" என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடப் பாதிகள் ஆடினால் வேளையை 60 நிமிடமாக்க வேண்டும்.

ஆட்கள்: ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர். இதில் விசிலும் தீர்ப்பும் முதல் மூவர் கையில். ஒரு ரைடுக்கு 30 விநாடி என்றால் 30 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 60 ரைடு வரும். ஒவ்வொன்றிலும் பாட்டு அறுந்ததா, பாக் லைனைத் தாண்டினாரா, கை பட்டதா, கால் வெளியே போனதா என்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அதனால் இந்த மூவரைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

இனி நம் கணக்கு. எட்டுப் பள்ளிகள், ஒவ்வொன்றும் மாணவர் அணி, மாணவியர் அணி அனுப்புகின்றன. நாக் அவுட் முறை. மாணவருக்கு 7 ஆட்டம், மாணவியருக்கு 7 ஆட்டம், மொத்தம் 14. ஆட்டத்துக்கு மூவர் என்றால் 42 நடுவர் பணிகள். களம் இரண்டானாலும் மூன்றானாலும் இந்த 42 மாறாது. களத்தைக் கூட்டினால் வேலை குறைவதில்லை, வேலை நெருக்கப்படுகிறது. குறைவது ஓய்வுதான்.

ஒரு களத்தில் ஆட்டம் நடக்கும்போது எத்தனை ஆசிரியர்கள் கட்டுண்டு போகிறார்கள் என்று பாருங்கள். மூன்று பேர் விசிலோடு நிற்கிறார்கள். ஆடும் இரண்டு பள்ளிகளின் ஆசிரியர்களும் தங்கள் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். அடிபட்டால் முதலில் ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களை அந்த நேரத்தில் பக்கத்துக் களத்துக்கு நடுவராக அனுப்ப முடியாது. ஆக, ஒரு களத்துக்கு ஐந்து ஆசிரியர்கள். இரண்டு களத்துக்குப் பத்து, மூன்று களத்துக்குப் பதினைந்து. இதில் ஓய்வெடுப்பவர் ஒருவர்கூட இல்லை.

எட்டுப் பள்ளிக்கு எட்டு ஆசிரியர்கள். இந்தப் போட்டியில் அணி அனுப்பாத பள்ளிகளில் இருந்து நான்கு பேர் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களைப் பொது நடுவர்கள் என்போம். மொத்தம் பன்னிரண்டு. மூன்று களம் ஓடினால் ஆறு பேர் தங்கள் அணியோடு போய்விடுவார்கள். மிச்சம் ஆறு, தேவை ஒன்பது. அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்? அணியை விட்டுவிட்டு வர வேண்டும், அல்லது சொந்தப் பள்ளி ஆட்டத்துக்கே விசில் பிடிக்க வேண்டும். அன்று என் மைதானத்தில் நடந்தது இதுதான்.

அப்படிச் செய்து எவ்வளவு நேரம் மிச்சமாகும்? ஓர் அணி ஆடி முடித்தபின் ஒரு வேளையாவது ஓய்வு தர வேண்டும். இரண்டு இறுதி ஆட்டங்களையும் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்படி ஒன்றன் பின் ஒன்றாக நடத்துவது வழக்கம். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று களத்தில் 7 வேளை, இரண்டு களத்தில் 8 வேளை. மூன்றாவது களம் மிச்சப்படுத்துவது 50 நிமிடம். காலிறுதி முடியாமல் அரையிறுதி தொடங்க முடியாது; அரையிறுதி ஆடியவர்கள் இளைப்பாறாமல் இறுதி ஆட முடியாது. அதனால் பிற்பகலில் மூன்றாவது களம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.

அதனால் இரண்டு களம் என்று முடிவு செய்கிறோம். இனி யார் எங்கே?

சொந்தப் பள்ளி ஆட்டத்துக்கு விசில் பிடிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது போதாது. அடுத்த சுற்றில் என் பள்ளியோடு மோதப் போகும் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்திலும் எனக்குப் பங்கு உண்டு. அந்தத் தாய் கேட்டது இதைத்தான். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது.

எட்டுப் பள்ளிகளை அ, ஆ, இ, ஈ என்று மேல் வரிசையாகவும், உ, ஊ, எ, ஏ என்று கீழ் வரிசையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசைப் பள்ளிகள் தங்களுக்குள் ஆடி ஒருவர் இறுதிக்கு வருவார்; கீழ் வரிசையிலும் அப்படியே. மேல் வரிசைப் பள்ளியும் கீழ் வரிசைப் பள்ளியும் இறுதி ஆட்டத்துக்கு முன் சந்திக்கவே மாட்டா. ஆகவே, மேல் வரிசை ஆடும்போது கீழ் வரிசை ஆசிரியர்கள் விசில். கீழ் வரிசை ஆடும்போது மேல் வரிசை ஆசிரியர்கள் விசில். ஒரு வேளையில் இரண்டு களத்துக்கு ஆறு பேர் தேவை: எதிர் வரிசை ஆசிரியர்கள் நால்வர், பொது நடுவர் இருவர். களத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் அம்பயர், ஒரு பொது நடுவர் ரெஃப்ரி. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

இது பொருந்த ஒரு நிபந்தனை உண்டு. மாணவருக்குத் தனியாகவும் மாணவியருக்குத் தனியாகவும் சீட்டுப் போட்டால் ஒரே பள்ளி ஒன்றில் மேலும் மற்றொன்றில் கீழுமாக வந்துவிடும், எல்லாம் குழம்பும். ஆகவே எந்தப் பள்ளி மேல், எந்தப் பள்ளி கீழ் என்பதற்கு ஒரே ஒரு சீட்டு. அதன்பின் அந்தந்த வரிசைக்குள் யாரோடு யார் என்பதற்கு மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிச் சீட்டு. இதைச் சீட்டுப் போடும் முன்பே எல்லாப் பள்ளிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி நாள் முழுவதையும் எழுதிப் பார்ப்போம்.

8.00 – மாணவர் காலிறுதி, மேல் வரிசை. விசில்: கீழ் வரிசை நால்வர், பொது நடுவர் 1, 2.
8.50 – மாணவர் காலிறுதி, கீழ் வரிசை. விசில்: மேல் வரிசை நால்வர், பொது நடுவர் 3, 4.
9.40 – மாணவியர் காலிறுதி, மேல் வரிசை. விசில்: கீழ் வரிசை நால்வர், பொது நடுவர் 1, 2.
10.30 – 20 நிமிட இடைவேளை.
10.50 – மாணவியர் காலிறுதி, கீழ் வரிசை. விசில்: மேல் வரிசை நால்வர், பொது நடுவர் 3, 4.
11.40 – மாணவர் அரையிறுதி இரண்டும். பொது நடுவர் 1, 2 களத்துக்கு ஒருவர்.
12.30 முதல் 2.00 வரை – உணவு, ஓய்வு.
2.00 – மாணவியர் அரையிறுதி இரண்டும். பொது நடுவர் 3, 4 களத்துக்கு ஒருவர்.
2.50 – மாணவர் இறுதி. பொது நடுவர் 1, 2.
3.40 – மாணவியர் இறுதி. பொது நடுவர் 3, 4.

அரையிறுதியில் மற்ற அம்பயர்கள் யார் என்பதை முதல் நாளே எழுத முடியாது. யார் வெல்வார்கள் என்று தெரியாதே. ஆனால் விதியை எழுதி வைக்கலாம். காலிறுதியில் தோற்ற பள்ளிகளின் ஆசிரியர்கள் அணிப் பொறுப்பில் இருந்து விடுபட்டிருப்பார்கள். ஒரு வரிசைக்கு இருவர். மேல் வரிசையில் தோற்ற இருவர் கீழ் வரிசை அரையிறுதிக்கு. கீழ் வரிசையில் தோற்ற இருவர் மேல் வரிசை அரையிறுதிக்கு. தன்னைத் தோற்கடித்த அணிக்கே போய் விசில் பிடிக்கும் சங்கடம் இதில் வராது. தோற்ற கசப்பும் ஒரு பங்குதான். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இறுதி ஆட்டங்களில் இரண்டு பொது நடுவர்களோடு, எந்த அணியும் மிச்சமில்லாத பள்ளியின் ஆசிரியர் ஒருவரைச் சேர்க்கலாம். அந்தப் பள்ளியைத் தோற்கடித்த அணி இறுதியில் ஆடக் கூடாது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் ஓய்வில் இருக்கும் பொது நடுவரைக் கூப்பிடலாம்.

இந்தத் தாளில் ஒரு குறை இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. எட்டு ஆசிரியர்களும் ஒரு வேளை விசில், அடுத்த வேளை தங்கள் அணியோடு என்று மாறி மாறிப் போகிறார்கள். அணியோடு உட்கார்ந்திருப்பது ஓய்வு ஆகாது. உடம்பு உட்கார்ந்திருக்கும், மனம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் 10.30க்கு 20 நிமிடம் வைத்தேன். அந்த நேரத்தில் மைக்கில் அறிவிப்புச் செய், சாப்பாட்டுக்கு டோக்கன் கொடு என்று நடுவர்களை யாரும் கூப்பிடக் கூடாது. நிழல், தண்ணீர், நாற்காலி, அவ்வளவுதான். நம் ஊரில் உப்புப் பாத்தியில் இறங்குபவர்கள் விடியுமுன்னே போய், வெயில் ஏறுமுன் கரையேறிவிடப் பார்க்கிறார்கள். பாத்தி நீரிலும் உப்புக் குவியலிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் மட்டும் நண்பகல் ஒன்றரை மணிக்கு ஒருவரை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, விரல் நுனி பட்டதா என்று கேட்கக் கூடாது. உணவுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்தது அதற்காகவும்தான்.

எவரும் தொடர்ந்து இரண்டு வேளைக்கு மேல் விசில் பிடிக்கக் கூடாது என்பதும் விதி. தாளில் மேல் வரிசையில் தோற்ற இருவருக்கு மட்டும் 10.50க்கும் 11.40க்கும் அடுத்தடுத்து இரண்டு வேளை வருகிறது, உடனே உணவு. வெயிலில் இன்னொரு சிறு விஷயம். களத்தை வடக்குத் தெற்காக நீளமாகப் போட்டால், நடுக்கோட்டின் இரு முனையிலும் நிற்கும் அம்பயர்களில் ஒருவர் கிழக்கே பார்ப்பார். காலை வெயில் முழுவதும் அவர் கண்ணில். அணிகள் பக்கம் மாறும் இடைவேளையில் அம்பயர்களும் பக்கம் மாறிக்கொண்டால் வெயில் இருவருக்கும் பங்காகும்.

அன்று நடக்கும் சிக்கல்களில் முக்கியமானது தாமதம். ஆட்டம் சமனில் முடிந்தால் ஆளுக்கு ஐந்து ரைடு கொடுக்க வேண்டும். அதிலும் சமன் என்றால் கோல்டன் ரைடு. பத்து நிமிடம் கூடிவிடும். ஒரு களத்தில் தாமதமானால் அடுத்த களம் காத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் களத்தில் தன் அணியோடு இருக்கும் ஆசிரியர்தான் அடுத்த வேளையில் அங்கே அம்பயர். "அவர் வரும் வரை யாராவது நில்லுங்க" என்று சொன்ன நொடியில் தாள் செத்துவிடும். வந்து நிற்பவர் பெரும்பாலும் பங்குள்ளவராகத்தான் இருப்பார். இரண்டு களமும் ஒன்றாகத் தொடங்கட்டும். சேர்ந்த தாமதத்தை 20 நிமிட இடைவேளையில் கொஞ்சமும் உணவு நேரத்தில் கொஞ்சமும் சரிசெய்யலாம். ஆனால் இடைவேளை பத்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

இரண்டாவது சிக்கல், பொது நடுவர் ஒருவர் வராமல் போவது. மூவர் இருந்தாலும் சமாளிக்கலாம். முதல் வேளை 1, 2. அடுத்து 2, 3. அடுத்து 3, 1 என்று சுற்றினால் இரண்டு வேளை வேலை, ஒரு வேளை ஓய்வு. இருவர்தான் என்றால் காலை ஐந்து வேளையும் அவர்களே நிற்க வேண்டிவரும். அப்போது இரண்டு களத்தை ஓட்டக் கூடாது என்பது என் கருத்து. மாணவருக்கு ஒரு நாள், மாணவியருக்கு ஒரு நாள் என்று பிரித்து ஒரே களத்தில் நடத்துவதே சரி.

பள்ளிப் பெயரை வைத்து மட்டும் பங்கு யாருக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. கலந்தாய்வில் மாறுதலாகிப் போன வருடம் வரை வேறு பள்ளியில் இருந்தவர் இருப்பார். அவர் பயிற்சி கொடுத்த பிள்ளைகளே இன்று எதிரே ஆடுவார்கள். பொது நடுவரின் அண்ணன் மகள் ஓர் அணியில் இருக்கலாம். அதனால் ஒரு வாரம் முன்பு எல்லா நடுவரிடமும் மூன்று கேள்வி எழுதி வாங்குகிறேன்: கடந்த மூன்று ஆண்டில் எந்தெந்தப் பள்ளியில் பணி செய்தீர்கள்? ஆடும் பிள்ளைகளில் உறவினர் உண்டா? வேறு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? பதிலைப் பொறுத்துக் களம் மாற்றுகிறேன். பெரும்பாலும் 1-ஆம் களத்தில் இருப்பவரை 2-ஆம் களத்துக்கு மாற்றினாலே போதும்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் "என்னை நம்பலையா சார்?" என்று சிலர் முகம் மாறும். அவர்களுக்கு நான் கிரிக்கெட்டைச் சொல்வேன். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்ட் போட்டியிலும் ஒரு நடுவர் மூன்றாவது நாட்டவராக இருக்க வேண்டும் என்றும், 2002 முதல் இருவருமே அப்படி இருக்க வேண்டும் என்றும் ஐசிசி விதித்தது. சென்னையைச் சேர்ந்த வெங்கட்ராகவன் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 73 டெஸ்ட் போட்டிகளுக்கு நடுவராக நின்றவர். உலகம் மதித்த நடுவர். 2002-க்குப் பிறகு இந்தியா ஆடும் டெஸ்டில் அவரை நிறுத்தவில்லை. அவர் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தவறான தீர்ப்பு ஒன்று வந்தால், அதைத் தவறு என்று மட்டுமே எல்லாரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. பங்கு இல்லாத இடத்தில் நிற்கும்போது நடுவருக்கும் அது பாதுகாப்பு.

கடைசியாக, தாளை ஒட்டுமுன் மூன்று முறை வாசியுங்கள். முதல் முறை நேரத்தின்படி: ஒரே நேரத்தில் ஒரு பெயர் இரண்டு இடத்தில் வருகிறதா? இரண்டாவது முறை பெயரின்படி: யாருக்காவது தொடர்ந்து மூன்று வேளை வருகிறதா? மூன்றாவது முறை ஆட்டத்தின்படி: அந்த மூவரில் எவருக்காவது அந்த ஆட்டத்திலோ அடுத்த ஆட்டத்திலோ பங்கு உண்டா? பிறகு மொத்தத்தை எண்ணுங்கள். 42 வர வேண்டும். 41 வந்தால் எங்கோ ஓர் ஆட்டத்தில் ஓர் ஆள் குறைகிறார். அந்த இடத்தைத்தான் நாளைக் காலையில் கண்ணில் பட்டவர் வந்து நிரப்புவார். சரிபார்த்த தாளை முதல் நாள் மாலையே எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிவிடுங்கள். மறுப்பு இருப்பவர்கள் இரவுக்குள் சொல்லட்டும்.

அன்று அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த முறை யாராவது அதே கேள்வியோடு வந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டி, "இல்லம்மா, அந்த சார் ஸ்கூல் கீழ் வரிசை, உங்க பொண்ணு மேல் வரிசை" என்று சொல்ல முடியும்.